குழாயை வெட்டச் சொல்லும் முன்: மலைக் குழாயில் காற்று அடைத்தால் எப்படிக் கண்டுபிடிப்பது

மேட்டில் இருக்கிற ஊற்றுத் தொட்டியிலிருந்து மோட்டார் இல்லாமல் சாய்வாகவே வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏர்க்காட்டில் நாகலூர் பக்கம் எங்கள் வீடு. காப்பிச் செடிகளுக்கு மேலே, காட்டை ஒட்டி ஒரு சிமெண்டுத் தொட்டி. அங்கிருந்து ஒரு இன்ச் பிவிசி பைப் சுமார் 1,300 அடி ஓடி வந்து வீட்டுப் பின்கட்டு டேங்கில் விழும். தொட்டித் தண்ணீருக்கும் வீட்டு டேங்குக்கும் 30 அடி இறக்கம். பல வருஷமாக ஒரு தொந்தரவும் இல்லாமல் வந்த தண்ணீர், இந்தக் கோடையில் நின்றுபோனது. அதைத் திரும்பக் கொண்டுவருவதற்குள் 20,000 ரூபாய்க்கு மேல் போய்விட்டது. முட்டிவலியோடு இருக்கிற அம்மாவை வைத்துக்கொண்டு, தனியாளாக ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலைந்தேன். கடைசியில் பிரச்சினை முடிந்தது ஒரு அரை நாள் வேலையில். அந்த அரை நாளில் பார்த்ததுதான் இங்கே முக்கியம்.

தொடக்கம் இப்படி. பாதையை அகலப்படுத்த வந்தவர்கள் எங்கள் பைப்பை எடுத்துவிட்டு, வேலை முடிந்ததும் திரும்பப் போட்டுக் கொடுத்தார்கள். முன்பு பாறைக்குக் கீழே சுற்றிக்கொண்டு போன பைப்பை இப்போது பாறையின் மேலேயே ஏற்றி இறக்கியிருந்தார்கள். தொட்டி வால்வைத் திறந்த அன்று வீட்டுக் குழாய் கொஞ்ச நேரம் புஸ் புஸ்ஸென்று காற்றாக ஊதியது. அப்புறம் அதுவும் நின்றது. தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. மேலே போய்ப் பார்த்தால் தொட்டி நிரம்பி வழிகிறது.

முதலில் வந்தவர் "அடைப்பு" என்றார். ஓடைப் பள்ளத்தில் பைப்பை வெட்டினார். அவ்வளவு வேகத்தில் தண்ணீர் அடித்தது. "பாருங்க, இதுவரைக்கும் நல்லா வருது, அடைப்பு இதுக்குக் கீழதான்" என்று ஒட்டிவிட்டு, அடுத்த மேட்டில் வெட்டினார். அங்கே காய்ந்து கிடந்தது. கம்பி விட்டுப் பார்த்தார், ஒன்றும் தட்டவில்லை. வீட்டுப் பக்கத்து கேட் வால்வை மாற்றினார். மறுபடி ஒட்டி, மறுபடி திறந்து, மறுபடி ஒன்றுமில்லை. இரண்டாவதாக வந்தவர் "பிரஷர் பத்தலை, ஒரு மோட்டார் வைங்க, இழுத்துடும்" என்றார். அரை எச்.பி. மோட்டார் வாங்கி பைப்பின் கடைசியில் மாட்டினோம். இந்தச் சாதாரண மோட்டார் தண்ணீரைத்தான் இழுக்கும், காற்றை இழுக்காது என்பது எனக்கு அப்போது தெரியாது. தண்ணீர் இல்லாமல் ஓடி, சூடாகி, சீல் போய்விட்டது. நடுவில் டேங்கர் லோடு வேறு. ஒவ்வொரு லோடு இறங்கும்போதும், மேலே நல்ல தண்ணீர் வீணாக வழிந்து காட்டுக்குள் போவதை நினைத்தால் வயிறு எரியும்.

பக்கத்து எஸ்டேட்டில் இருக்கிற அக்கா ஒருவர்தான் சேலம் அம்மாபேட்டையில் இருக்கிற ஒரு பெரியவரைப் பற்றிச் சொன்னார். மலையில் எஸ்டேட் லைன்களைப் போட்டே வயசான மனுஷர், இப்போது வேலைக்கு வருவதில்லை, ஆனால் கேட்டால் வருவார் என்றார். வந்தார். 20 கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் ஏறி, கூடவே தன் தங்கை பேரனையும் அழைத்து வந்தார். பையன் ஐடிஐ முடித்துவிட்டு அவரிடம் வேலை பழகுகிறான். கையில் ஒரு பை, அதோடு கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற தெளிவான ட்யூப் ஒரு சுருள். ஹேக்சா பிளேடை எடுக்கவே இல்லை. அது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

வந்ததும் என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: "அம்மணி, தண்ணி நின்னப்போ எப்படி நின்னுச்சு? கொஞ்சங் கொஞ்சமா குறைஞ்சு நின்னுச்சா, இல்லை காத்தா ஊதிட்டு நின்னுச்சா?" ஊதிவிட்டு நின்றது என்றேன். பையனைப் பார்த்துச் சொன்னார்: "அடைப்பா இருந்தா நாளாக நாளாக குறையும், ஆனா ஒழுகிட்டேயாவது இருக்கும். காத்தை ஊதிட்டு ஒரேயடியா நின்னா அது ஏர் லாக், உள்ள காத்து மாட்டிக்கிட்டு வழியை அடைக்குது. முதல்ல வாயால கேளு, அப்புறம் கையை வை." இந்த ஒரு கேள்வியை முதலில் வந்தவர் கேட்டிருந்தால் பைப்பில் அத்தனை ஒட்டு விழுந்திருக்காது. உங்கள் வீட்டில் இப்படி நடந்தால், நின்ற விதத்தை நீங்களே குறித்து வைத்துக்கொண்டு, வருகிறவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் இருவரும் தொட்டியிலிருந்து பைப் கூடவே நடந்து இறங்கினார்கள். நானும் பின்னாலேயே போனேன். பெரியவர் எங்கெல்லாம் பைப் மேடேறுகிறதோ அங்கெல்லாம் நின்று பையனிடம் ட்யூபைப் பிடிக்கச் சொன்னார். ட்யூப் நீளம் கொஞ்சம்தான் என்பதால், மரத்தில் சாக்பீஸால் கோடு போட்டுக் கோடு போட்டு, கட்டம் கட்டமாக இறங்கி வந்தார்கள். சில்வர் ஓக் மரங்களில் அந்தக் கோடுகள் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கின்றன. கணக்கு இப்படி வந்தது. தொட்டித் தண்ணீர் மட்டத்துக்கு 3 அடி கீழே பாறை மேடு. அதிலிருந்து 17 அடி இறங்கினால் ஓடைப் பள்ளம். பள்ளத்திலிருந்து 8 அடி ஏறினால் அடுத்த வரப்பு மேடு. அங்கிருந்து 18 அடி இறங்கினால் வீட்டு டேங்க்.

"சரி, காத்து எங்க நிக்குது?" என்று கேட்டார். பையன் யோசிக்காமல் பாறை உச்சியைக் காட்டினான். காற்று மேலேதானே போகும், நானும் அதைத்தான் நினைத்தேன். பெரியவர் அவனைப் பைப் பக்கத்தில் குந்தச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு விரல் மூட்டால் தட்டிக்கொண்டே இறங்கச் சொன்னார். பாறைக்கு முன்னால், தொட்டிப் பக்கம் தட்டினால் 'தப் தப்' என்று மந்தமாகக் கேட்டது. உச்சியில் சத்தம் மாற ஆரம்பித்தது. உச்சி தாண்டி ஓடைப் பக்கம் இறங்க இறங்க 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம். பையன் தட்டிக்கொண்டே போகிறான், சத்தம் மாறவே இல்லை. பள்ளத்துக்குக் கொஞ்சம் மேலே வந்தபோதுதான் திரும்ப 'தப்'. "இப்ப உள்ளங்கையை வை" என்றார். வெயில் ஏறிய நேரம். வெற்றுச் சத்தம் கேட்ட இடமெல்லாம் பைப் கதகதவென்று இருந்தது. தண்ணீர் நிற்கிற இடம் சில்லென்று இருந்தது. நானும் தொட்டுப் பார்த்தேன், அந்த எல்லை ஒரு சாணுக்குள் தெரிகிறது. நிழலில் ஓடுகிற பைப்பில் இந்தச் சூடு தெரியாது, தட்டித்தான் பார்க்க வேண்டும் என்று அவரே சொன்னார். மண்ணுக்குள் புதைந்த பைப்பில் இரண்டும் உதவாது, மட்டம் ஒன்றுதான் வழி.

ஆக, காற்று உச்சியில் ஒரு குமிழாக நிற்கவில்லை. உச்சியிலிருந்து கிட்டத்தட்டப் பள்ளம் வரைக்கும் அந்த இறக்கம் முழுவதும் காற்று. ஏன் அப்படி என்று பையன் கேட்டான். பெரியவர் குச்சியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினார். முதன்முதலில் தண்ணீர் திறக்கும்போது, பாறை உச்சியைத் தாண்டுகிற தண்ணீர் பைப்பை நிறைத்துக்கொண்டு இறங்குவதில்லை. அடியோடு வழிந்து ஓடிப் பள்ளத்தில் போய்த் தேங்கிவிடுகிறது. பள்ளம் நிரம்பியதும் வாசல் மூடின மாதிரி, மேலே இருக்கிற காற்று இரண்டு தண்ணீருக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறது.

"மாட்டிக்கிட்டா என்ன தாத்தா, பின்னாடி வர்ற தண்ணி தள்ளிடாதா?" என்றான். இதற்கு அவர் சொன்ன பதில்தான் எனக்கு எல்லாவற்றையும் விளங்க வைத்தது. "தண்ணிக்கு எடை இருக்குது கண்ணு. அதனால 17 அடி இறங்குனா அந்த 17 அடி பலமும் சேர்ந்துக்கும். காத்துக்கு எடை இல்லாத மாதிரிதான். அது 17 அடி இறங்குனாலும் உச்சியில என்ன பலம் இருந்துச்சோ அதேதான் பள்ளத்துலயும். உச்சியில பலம் எவ்வளவு? தொட்டிக்கும் பாறைக்கும் 3 அடிதான். இந்த 3 அடி பலத்தை வெச்சுக்கிட்டு அந்தப் பக்கம் 8 அடி ஏறணும். ஏறுமா?" காற்று கொஞ்சம் அமுங்கிக் கொடுப்பதில் இன்னும் ஒன்றரை அடி கிடைக்கும் என்றார். மொத்தம் 5 அடிக்குள்தான். வேண்டியது 8. தண்ணீர் வரப்பு மேட்டின் பாதியில் நின்று அப்படியே கிடக்கிறது. மொத்தத்தில் 30 அடி இறக்கம் இருந்தும் ஒரு சொட்டு வராததற்குக் காரணம் இதுதான். இதே காரணத்தால்தான் பள்ளத்தில் வெட்டியபோது தண்ணீர் பீறிட்டது. வெட்டினதும் காற்று வெளியேறுகிறது, மேலே இருந்து தடையில்லாமல் தண்ணீர் வருகிறது. அதைப் பார்த்துவிட்டு அடைப்பு கீழே இருக்கிறது என்று முடிவுகட்டினால் தேடுகிற திசையே தப்பாகிவிடும். அதுபோக ஒவ்வொரு முறை வெட்டும்போதும் பைப் காலியாகி, ஒட்டித் திறந்ததும் அதே காற்று அதே இடத்தில் திரும்ப மாட்டிக்கொள்கிறது. வெட்டி ஒட்டி வெட்டி ஒட்டி நான் கொடுத்த கூலியெல்லாம் காற்றை உள்ளே விடுவதற்கே போயிருக்கிறது. இதைக் கேட்டபோது அழுகையே வந்துவிட்டது.

வேலை என்று பார்த்தால் சின்னதுதான். பைப்பை வெட்டாமல், பாறை உச்சியிலும் வரப்பு மேட்டு உச்சியிலும் ஆளுக்கொரு சேடில் மாட்டினார்கள். சேடில் என்றால் பைப்பைச் சுற்றி இரண்டு பாதியாகப் பிடித்து போல்ட் முடுக்குகிற பட்டை. அதன் தலையில் அரை இன்ச் பால் வால்வு. சேடிலுக்குள் ரப்பர் வாஷர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பையனை மூன்று முறை பார்க்க வைத்தார். ஓட்டை பைப்பின் மேல்பக்கம் சரியாக நடுவில் இருக்க வேண்டும், பக்கவாட்டில் போட்டால் அதற்கு மேலே இருக்கிற காற்று வெளியே வராது என்றார். ஓட்டை போட்டபோது விழுந்த பிவிசித் துருவலைக் கையாலேயே துடைத்து எடுக்கச் சொன்னார். அது உள்ளே போனால் வீட்டு வால்வில் போய் மாட்டுமாம்.

அடுத்தது திறக்கிற முறை. இதைக் கவனமாகப் படியுங்கள், வால்வை வைத்துவிட்டு முறை தெரியாமல் திறந்தால் பாதிக் காற்று உள்ளேயே நின்றுவிடும். முதலில் வீட்டுக் கடைசி வால்வை முழுவதும் மூட வேண்டும். இரண்டு மேட்டு வால்வையும் முழுவதும் திறக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தொட்டி வால்வைக் கொஞ்சமாக, கால் பங்கு அளவுக்குத் திறக்க வேண்டும். பையன் பாறை வால்வுப் பக்கம் போய் நின்றான், முதலில் அங்கேதான் தண்ணீர் வரும் என்று. பெரியவர் "நீ அங்க நின்னா சாயங்காலம் வரைக்கும் நிக்கணும், கீழ் வால்வுக்குப் போ" என்றார். அவர் சொன்னபடியே நடந்தது. பள்ளம் நிறைந்து, வரப்பு மேட்டைத் தாண்டி, மூடியிருக்கிற வீட்டு வால்வு வரைக்கும் போய், அங்கிருந்து மேல்நோக்கி நிரம்பிக்கொண்டு வந்து, கீழ் மேட்டு வால்வில்தான் முதலில் தண்ணீர் துப்பியது. காற்றும் தண்ணீருமாகக் கொஞ்ச நேரம் துப்பும், அப்போது மூடக்கூடாது. துப்பல் நின்று கயிறு மாதிரி ஒரே சீராக வந்த பிறகு அதை மூடச் சொன்னார். அதற்கப்புறம்தான் மேலே பாறை இறக்கம் நிரம்ப ஆரம்பித்தது. பையன் ஓடிப்போய் மேல் வால்வில் காதை வைத்துக் கேட்டான். மெல்ல 'உஸ்' என்ற சத்தம் வந்துகொண்டே இருந்தது. 3 அடி பலம்தானே, மெதுவாகத்தான் வரும். கடைசியில் அங்கேயும் தண்ணீர் வந்தது, மூடினான். அதன் பிறகு வீட்டு வால்வைத் திறந்தோம். வந்தது பாருங்கள் தண்ணீர். அம்மா பின்கட்டிலிருந்து கூப்பிட்ட குரல் எனக்குத் தோட்டத்தில் கேட்டது.

நான் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். பெரியவர் முடிக்கவில்லை. வீட்டு வால்வை முழுசாகத் திறந்து வைத்துவிட்டுப் பையனைப் பாறை வால்வுக்கு அனுப்பி, வால்வை ஒரு கீற்று திறந்து வாயில் விரல் நுனியை வைக்கச் சொன்னார். பையன் முகம் மாறியது. "தாத்தா, விரலை உள்ள இழுக்குதுங்க!" என்றான். என்னையும் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள், தோலைப் பிடித்து உறிஞ்சுகிறது. தண்ணீர் வேகமாக ஓடும்போது, தொட்டியிலிருந்து பாறைக்கு வருவதற்குள்ளேயே உராய்வில் அந்த 3 அடி பலமும் தீர்ந்துவிடுகிறது. அதற்கு மேலும் கீழ்ப்பக்கத் தண்ணீர் இழுப்பதால் உச்சியில் பைப் உறிஞ்ச ஆரம்பிக்கிறது. அந்த நேரத்தில் வால்வைத் திறந்தால் காற்று வெளியே போகாது, உள்ளே வரும். வால்வு மூடியிருந்தாலும் பக்கத்தில் எங்கேயாவது ஒட்டு சரியில்லையென்றால் அது வழியாகவும் துளித்துளியாகக் காற்று ஏறி, சில நாளில் திரும்ப ஏர் லாக். எத்தனையோ இடத்தில் சரிசெய்துவிட்டுப் போன அடுத்த வாரமே திரும்ப நிற்பதற்கு இதுதான் காரணம் என்றார். அதனால் ஓடிக்கொண்டிருக்கும்போது மேட்டு வால்வைத் தொடவே கூடாது. காற்று எடுக்க வேண்டுமென்றால் வீட்டு வால்வை மூடிவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

அப்புறம் பையனை அங்கேயே விரலோடு உட்கார வைத்துவிட்டு, கீழே வீட்டு வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வந்தார். போனில் "இழுக்குதா?", "இழுக்குதுங்க", "இப்ப?" என்று பேச்சு. ஒரு கட்டத்தில் பையன் "தள்ளுது தாத்தா, தண்ணி கசியுது" என்றான். அந்த இடத்தில் வால்வை நிறுத்தி, கைப்பிடியில் பெயிண்ட் வைத்து அடையாளம் போட்டார். முழுசாகத் திறந்தபோது 15 லிட்டர் பக்கெட் அரை நிமிடத்தில் நிறைந்தது. இந்த அடையாளத்தில் ஒரு நிமிடத்துக்குப் பக்கம் ஆகிறது. வேகம் பாதியானாலும் ராத்திரி பகல் நிற்காமல் வருவதால் டேங்க் நிரம்பி வழிகிறது, எங்களுக்கு அதுவே தாராளம். இன்னும் வேகம் வேண்டுமென்றால் தொட்டியிலிருந்து பாறை வரைக்கும் மட்டும் ஒன்றரை இன்ச் பைப்பாக மாற்றினால் உராய்வு குறையும், ஆனால் இப்போதைக்குத் தேவையில்லை என்றும் சொன்னார்.

தொட்டியையும் ஒரு முறை எட்டிப் பார்த்தார். பைப் வாய்க்கு மேலே எப்போதும் ஒரு சாண் தண்ணீராவது நிற்க வேண்டும், இல்லாவிட்டால் சுழித்துக்கொண்டு காற்றையும் சேர்த்து இழுக்கும் என்று வாயில் ஒரு எல்போவைக் கீழ்நோக்கித் திருப்பி மாட்டினார். எங்கள் லைனில் பாறைக்கும் தொட்டிக்கும் வித்தியாசமே 3 அடி என்பதால், தொட்டித் தண்ணீர் ஒன்றரை அடி இறங்கினாலே அந்தப் பலமும் பாதியாகிவிடும். கோடையில் ஊற்று சுருங்கும்போது வால்வை இன்னும் கொஞ்சம் மூடி வைக்கச் சொன்னார். சாமான் 700 ரூபாய் ஆனது. கூலியாக 1,500 கேட்டார். நான் கூடக் கொடுத்ததைப் பையன் கையில் வைத்துவிட்டார்.

கிளம்புகிற நேரத்தில் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வந்து, தன் லைனிலும் இப்படி ஒரு வால்வு வைத்துக் கொடுங்கள் என்றார். பெரியவர் பையனைத்தான் அனுப்பினார், மட்டம் பார்த்துவிட்டு வா என்று. பையன் திரும்பி வந்து, அவர்கள் மேடு தொட்டித் தண்ணீரைவிட ஒரு முழம் உயரமாக இருக்கிறது என்றான். "அப்ப வால்வு வைக்கலாமா?" என்றார் பெரியவர். பையன் கொஞ்சம் யோசித்து, "வேண்டாங்க தாத்தா. திறந்தா எப்பவும் உள்ளதான் இழுக்கும். பைப்பை மேட்டுக்குக் கீழ சுத்திதான் கொண்டுபோகணும்" என்றான். அண்ணனுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை, பள்ளம் தோண்ட வேண்டுமே. ஆனால் அடுத்த வாரம் பையன் தனியாக வந்து, அந்த மேட்டைச் சுற்றி பைப்பைத் திருப்பிப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். அங்கேயும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது.